மினிமம் ஓடர், பெட்டிக் கணக்கு: புதிதாகக் கடை எடுத்து நடத்துபவர்களுக்கு

நோர்வூட் பக்கம் ஒரு சில்லறைக் கடை நடத்துகிறேன். அப்பாவிடமிருந்து கடையை எடுத்த முதல் வருடம், சாமான் எவ்வளவு ஓடர் போடுவது என்பதற்கு போனில் ஒரு ஷீட் செய்து வைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை விற்கிறது, சாமான் வந்து சேர எத்தனை நாள், இரண்டையும் பெருக்கி, கொஞ்சம் பாதுகாப்புக்குச் சேர்த்து, கையில் இருப்பதைக் கழித்தால் வாங்க வேண்டிய அளவு வந்துவிடும். எல்லா இடத்திலும் சொல்லித் தருவது இந்தக் கணக்குத்தான், கணக்கில் பிழையும் இல்லை. ஆனால் ஷீட் 7 பக்கற் வாங்கு என்று சொல்லும், சப்ளையர் 72 பக்கற்றுக்குக் குறைய லொறியில் ஏற்ற மாட்டார். அந்த 7க்கும் 72க்கும் நடுவில்தான் என்னுடைய பணம் ஒரு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் ஓடாத சாமான் காலாவதியாகிப் போனது, மறுபக்கம் சம்பள வாரத்தில் டின் மீன் இல்லாமல் தட்டு வெறுமையாக இருந்தது. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கீழே உள்ளதெல்லாம் என் கடை எண்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் செய்யும் வரிசை இதுதான்.

1. விலைப்பட்டியலை வாங்கி, நான்கு கேள்வி கேளுங்கள்

சேல்ஸ் ரெப் வந்ததும் ஓடர் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். முதலில் அச்சடித்த விலைப்பட்டியல் ஒன்றை வாங்கி வையுங்கள், அதில் ஒவ்வொரு சாமானுக்கும் பெட்டியில் எத்தனை என்பது இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் முன்னாலேயே பேனையால் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, மினிமம் எதற்கு? இங்கேதான் பலர் குழம்புகிறோம், ஏனென்றால் மினிமம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயம் இருக்கிறது. ஒரு சாமானில் இத்தனைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. பெட்டியை உடைத்துத் தர மாட்டோம், பெட்டி பெட்டியாகத்தான் என்பது இன்னொன்று. மொத்த பில் இத்தனை ரூபாவுக்குக் குறைந்தால் லொறி வராது என்பது மூன்றாவது. என் சப்ளையரிடம் மூன்றும் இருந்தன. நான் இரண்டாவதை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

இரண்டாவது கேள்வி, மினிமத்துக்கு மேல் போனால் எப்படி ஏறும்? மினிமம் 60, பெட்டி 24 என்றால் 60 எடுத்த பிறகு 84 என்று போகுமா, அல்லது முழுப் பெட்டியாக 72 என்றுதான் தொடங்குமா? சப்ளையருக்குச் சப்ளையர் இது மாறும், கேட்காமல் ஷீட்டில் போட்டால் ஒவ்வொரு முறையும் பில் வேறு எண்ணில் வரும்.

மூன்றாவது, மொத்தப் பில்லின் மினிமம் வற் வரி சேர்த்தா, சேர்க்காமலா? 18 வீதம் என்பது சின்ன வித்தியாசமில்லை. வரி சேர்த்து 60,000 என்றால் ஏறக்குறைய 51,000 ரூபா சாமானுக்கே லொறி வந்துவிடும். வரி இல்லாமல் 60,000 என்றால் நீங்கள் 70,800 கட்ட வேண்டும்.

நான்காவது, சாமான் குறைவாக வந்தால் பாக்கி தானாக அடுத்த லொறியில் வருமா, திரும்ப ஓடர் போட வேண்டுமா? இது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டிக்குள் எத்தனை என்பதைப் புதுப் பட்டியல் வரும் ஒவ்வொரு முறையும் திரும்பப் பாருங்கள். சாமானின் பெயர் மாறாமல், விலை மாறாமல், 24 இருந்த பெட்டி 48 ஆகியிருக்கும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

2. ஒவ்வொரு பெட்டியையும் நாளாக மாற்றுங்கள்

முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த அளவை உங்கள் கடையின் ஒரு நாள் விற்பனையால் வகுங்கள். வருகிற விடைதான் அந்தப் பெட்டி உங்கள் கடையில் இருக்கப்போகும் நாள்.

எனக்கு டின் மீன் ஒரு நாளைக்கு 4 போகிறது, பெட்டியில் 24. ஆக ஒரு பெட்டி 6 நாள். துணி துவைக்கும் சவர்க்காரம் நாளைக்கு 5, பெட்டியில் 60, அதாவது 12 நாள். இதுவரை பிரச்சினை இல்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட் ஒன்று இருக்கிறது, கிழமைக்கு 3 பக்கற்தான் போகும், பெட்டியில் 36. ஒரு பெட்டி 12 கிழமை, 84 நாள். அதிலும் அந்தச் சாமானுக்கு மினிமம் இரண்டு பெட்டி. ஆக 168 நாள்.

இந்த நாள் எண்ணை மூன்று விஷயத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த லொறி வரும் நாள், சப்ளையர் தரும் கடன் நாள், பெட்டியில் அடித்திருக்கும் காலாவதித் திகதி.

காலாவதியை, பெட்டி உங்கள் கடைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், தயாரித்த நாளிலிருந்து அல்ல. எனக்கு அந்த பிஸ்கட் வந்தபோது மிச்சம் இருந்தது 120 நாள். 120 நாளில் என் கடையில் போகக்கூடியது 51 பக்கற். வந்தது 72. ஆக லொறியிலிருந்து இறக்கும்போதே 21 பக்கற் விற்காது என்று எழுதி வைத்த மாதிரி, நான்தான் அந்த வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை. வாங்கிய விலை 180, விற்ற விலை 200. 51 பக்கற்றில் கிடைத்த இலாபம் 1,020 ரூபா, வீசிய 21 பக்கற்றின் விலை 3,780. கூட்டிக் கழித்தால் 2,760 ரூபா நட்டம். நாலு மாதம் அந்தச் சாமானைத் தட்டில் வைத்து, தூசு தட்டி, வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததற்கு.

கடன் நாளும் அப்படித்தான். சப்ளையர் 30 நாள் கடனுக்குப் பின்திகதிச் செக் வாங்குகிறார். அந்த இரண்டு பெட்டிக்கு 12,960 ரூபா. 30ஆவது நாள் வரும்போது விற்றிருந்தது 13 பக்கற், அதாவது 2,600 ரூபா. மிச்சப் பத்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தை நான் சீனியும் பருப்பும் விற்ற காசிலிருந்து போட்டு செக்கைக் காப்பாற்றினேன். பெட்டி நாள் கடன் நாளுக்குள் இருந்தால் சப்ளையரின் பணத்தில் வியாபாரம் நடக்கிறது. அதைத் தாண்டினால் மற்றச் சாமானின் பணத்தில் நடக்கிறது.

நம் ஊரில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசிக்குப் பிறகு மழை தொடங்கினால் ஸ்டோர் அறைச் சுவரே வியர்க்கும். நெருப்புப்பெட்டி, கொப்பி, உப்பு, மட்டமான பொலித்தீனில் வரும் பிஸ்கட் எல்லாம் காலாவதித் திகதி வரும் முன்னரே கெட்டுவிடும். ஒரு தடவை அடுக்கின் அடியில் இருந்த நெருப்புப்பெட்டிப் பண்டலைப் பிரித்தேன், பெட்டியின் பக்கத்திலிருந்த மருந்துப் பட்டை விரலோடு உரிந்து வந்தது. இந்த மாதிரிச் சாமானுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை நான் 30 நாளுக்கு மேல் வைப்பதில்லை, பெட்டியில் என்ன திகதி அடித்திருந்தாலும் சரி.

3. ஓடர் சேரும்வரை காத்திருக்கும் நாளையும் சேருங்கள்

வெறும் தட்டுப் பிரச்சினை இங்கிருந்துதான் வந்தது.

என் சப்ளையர் கொழும்பிலிருந்து அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை ஓடர் கொடுத்தால், அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாகச் செவ்வாய்க்கிழமை லொறி வரும். நாலு நாள். ஆகவே டின் மீனுக்கு ஷீட்டில் இப்படிப் போட்டேன்: நாளைக்கு 4, நாலு நாளுக்கு 16, பாதுகாப்புக்கு 8, மொத்தம் 24. கையில் 24 ஆனதும் ஓடர்.

ஒரு செவ்வாய்க்கிழமை 24 ஆனது, ஓடர் எழுதினேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மொத்த ஓடர் 22,000 ரூபாதான் வந்தது. லொறிக்கு மினிமம் 60,000. ரெப் அடுத்த வாரம் சேர்த்துப் பார்க்கலாம் என்று போய்விட்டார். 24 டின்னும் 6 நாளில் முடிந்தது. 24 ஆன நாளிலிருந்து ஓடர் 60,000 எட்டப் பத்து நாள் பிடித்தது, அதற்குப் பிறகு லொறிக்கு நாலு நாள். மொத்தம் 14 நாள், அதில் 8 நாள் டின் மீன் இல்லை. அந்த எட்டு நாளுக்குள் 10ஆம் திகதியும் வந்தது. தோட்டத்தில் சம்பளம் போட்ட அன்று சாமான் கட்ட வந்தவர்கள் டின் மீன் இல்லையென்றதும் அதை மட்டும் வேறு கடையில் வாங்குவதில்லை, முழுச் சாமான் துண்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள்.

சப்ளையர் நாலு நாள் என்று சொன்னது பொய்யில்லை. லொறி ஓடும் நாள் அதுதான். ஆனால் கடைக்கு அது 14 நாள்.

உங்கள் உண்மையான நாளைக் கண்டுபிடிப்பது இப்படி. அந்தச் சப்ளையரிடம் நீங்கள் ஒரு கிழமைக்குச் சராசரியாக எத்தனை ரூபாவுக்குச் சாமான் எடுக்கிறீர்கள் என்று கடந்த மூன்று மாதப் பில்லைக் கூட்டிப் பாருங்கள். எனக்குக் கிழமைக்கு 40,000 வந்தது. 60,000 சேர ஒன்றரைக் கிழமை, சுமார் 10, 11 நாள். லொறி செவ்வாயில் மட்டும் வருவதால் நடப்பில் ஒரு தரம் 7 நாள், ஒரு தரம் 14 நாள் என்று வரும். ஓடருக்கு ஓடர் ஆகக் கூடிய இடைவெளியான 14 நாளையே எடுத்துக்கொண்டேன். அதோடு லொறி நாள் 4. ஆக 18.

இன்று நான் கொடுக்கும் ஓடர், அடுத்த ஓடரின் லொறி வந்து நிற்கும்வரை தாங்க வேண்டும். அதுதான் அந்த 18 நாள். டின் மீனுக்கு நாளைக்கு 4 வீதம் 72, பாதுகாப்புக்கு 8, மொத்தம் 80. ஓடர் கொடுக்கும் நாளில் கையில் இருப்பதும் வழியில் வருவதும் சேர்ந்து 80க்குக் குறைந்தால், குறைகிற அளவை எடுக்க வேண்டும். முன்பு 24க்கு இறங்கும்வரை காத்திருந்தேன், இருக்க வேண்டியது 80. எவ்வளவு தூரம் பிழைத்திருக்கிறேன் பாருங்கள்.

மண்சரிவுக் காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் வீதி மூடினால் லொறி இரண்டு மூன்று நாள் பிந்தும். அதை எல்லாச் சாமானுக்கும் சேர்க்காதீர்கள். ஒரு பெட்டி 84 நாள் இருக்கும் சாமானில், தட்டு காலியாகும் ஆபத்து வருடத்தில் நாலைந்து தடவைதான் வரும். டின் மீனுக்கு ஒவ்வொரு ஓடரிலும் வரும். பாதுகாப்புக்கு வைக்கும் பணத்தை அடிக்கடி வாங்கும் சாமானில் வையுங்கள், ஓடாத சாமானுக்கு ஒன்றிரண்டு போதும்.

4. பெட்டிக்கு மேலே தள்ளுவதா, கீழே இறக்குவதா

ஷீட்டுக்குப் பெட்டி தெரியாது, நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் சொல்வது, வரும் எண்ணை அடுத்த முழுப் பெட்டிக்கு உயர்த்து என்பது. நானும் அப்படித்தான் செய்தேன், ஒரு வெள்ளிக்கிழமை சவர்க்காரம் வரும்வரை.

சவர்க்காரத்துக்கு 18 நாளுக்கு 90, பாதுகாப்புக்கு 10, ஆக 100 இருக்க வேண்டும். கையில் 39 இருந்தது. தேவை 61. பெட்டியில் 60. ஷீட் இரண்டு பெட்டி என்றது, அதாவது ஒரே ஒரு கட்டிக்காக 5,700 ரூபா பெட்டி ஒன்று. அந்தப் பத்து பாதுகாப்புக் கட்டி என்பதே நான் உத்தேசமாக வைத்த எண். அதில் ஒன்று குறைந்து ஒன்பதாக இருந்தால் கடைக்கு ஒன்றும் ஆகாது. கவனியுங்கள், பாதுகாப்புக்கு ஒரு தடவை சேர்த்துவிட்டு, பெட்டிக்காக இன்னொரு தடவை மேலே தள்ளினால், ஒரே பயத்துக்கு இரண்டு தடவை காசு கட்டுகிறோம்.

அதனால் இப்போது ஒரு விட்டுக்கொடுப்பு எண் வைத்திருக்கிறேன், பாதுகாப்பு அளவில் பாதி. தேவையிலிருந்து அதைக் கழித்த பிறகுதான் பெட்டிக்கு உயர்த்துகிறேன். சவர்க்காரத்துக்கு 61இல் 5 போனால் 56, ஒரு பெட்டி போதும். டின் மீனுக்குக் கையில் 14 இருந்தது, தேவை 66, விட்டுக்கொடுப்பு 4 போனால் 62, அதற்கு மூன்று பெட்டி, 72. இரண்டு பெட்டி எடுத்திருந்தால் 48தான், அது பாதுகாப்பையும் தாண்டி உண்மையான விற்பனைக்குள் கை வைக்கும்.

ஷீட்டில் போடுவது இதுதான். C கையில் இருப்பது, D வழியில் வருவது, E இருக்க வேண்டிய அளவு, F மினிமம், G பெட்டியில் எத்தனை, H விட்டுக்கொடுப்பு.

```
=IF(E2-C2-D2<=H2, 0, CEILING(MAX(E2-C2-D2-H2, F2), G2))
```

மினிமம் எண்ணிலிருந்து பெட்டி ஏறும் சப்ளையராக இருந்தால், 60க்குப் பிறகு 84 என்று சொன்னேனே, அவருக்கு இது:

```
=IF(E2-C2-D2<=H2, 0, F2+CEILING(MAX(E2-C2-D2-H2-F2, 0), G2))
```

இரண்டு இடத்தில் கைதவறும். எல்லா எண்ணும் ஒரே அலகில் இருக்க வேண்டும், நான் தனித்தனியாகவே வைக்கிறேன், பெட்டியாக அல்ல. F இல் 2 என்று பெட்டிக் கணக்கையும் C இல் 14 என்று தனிக் கணக்கையும் போட்டால் ஷீட் எந்தப் பிழையும் காட்டாது, தப்பான விடையை மட்டும் தரும். அடுத்தது அந்த D. குறைவாக வந்த சாமானின் பாக்கி தானாக வருமா என்று கேட்கச் சொன்னது இதற்குத்தான். வரும் என்றால் D இல் போட வேண்டும், இல்லையென்றால் அதே பெட்டியை இரண்டு தடவை வாங்குவீர்கள். வராது என்றால் D ஐ அழிக்க வேண்டும், அழிக்காவிட்டால் வராத சாமானை நம்பிக்கொண்டு ஷீட் 0 காட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் மாதத்தில் எந்த வாரம் என்பதையும் பாருங்கள். நாளைக்கு 4 டின் என்பது சராசரி. 10ஆம் திகதிக்கு அடுத்த கிழமையில் 7 போகும், மாதக் கடைசியில் 2 போகும். பெட்டி பாதியில் நின்று, மேலேயா கீழேயா என்று தடுமாற்றமாக இருந்தால், வரப்போகும் லொறி 10ஆம் திகதிக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வருகிறதென்றால் மேலே. சம்பளக் கூட்டம் முடிந்த பிறகு வருகிறதென்றால் கீழே.

5. மொத்தத் தொகை கொஞ்சம் குறைகிறபோது எதைக் கூட்டுவது

அதே வெள்ளிக்கிழமை எல்லாச் சாமானையும் கூட்டினால் 51,400 ரூபா. லொறிக்கு 8,600 குறைகிறது. இந்த இடத்தில்தான் ரெப் உதவிக்கு வருவார். புதிதாக வந்த நூடில்ஸ் இரண்டு பெட்டி போடுவோம், சரியாக வந்துவிடும் என்பார். அவருக்கும் மாதக் கணக்கு இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் கடையில் ஒரு நாள்கூட விற்றுப் பார்க்காத சாமானால் குறையை நிரப்பாதீர்கள், அதற்கு நாள் கணக்கே போட முடியாது.

ஓடருக்குப் பிறகு எந்தச் சாமான் எத்தனை நாள் நிற்கும் என்று பாருங்கள். சவர்க்காரம் 39உம் 60உம் சேர்ந்து 99, சுமார் 20 நாள். டின் மீன் 14உம் 72உம் சேர்ந்து 86, இருபத்தொன்றரை நாள். பொதுவாக ஆகக் குறைந்த நாள் உள்ளதற்கு முதலில் ஒரு பெட்டி கூட்ட வேண்டும். சவர்க்காரத்தில் ஒரு பெட்டி கூட்டினால் 32 நாள், ஆனால் 5,700 மட்டும்தான் ஏறும், இன்னும் 2,900 குறையும். குறையை நிரப்ப இரண்டு பெட்டி வேண்டும், 11,400 ரூபா, சவர்க்காரம் 44 நாள் நிற்கும். டின் மீனில் ஒரே பெட்டி 11,520 ரூபா, 27 நாள் சொச்சம். செலவு ஏறக்குறைய ஒன்று. டின் மீன் 30 நாள் கடனுக்குள் விற்றுப் பணமாகிவிடும், சவர்க்காரம் ஆகாது. டின் மீனை எடுத்தேன், பில் 62,920.

எல்லா வாரமும் நிரப்பத்தான் வேண்டும் என்றில்லை. 20,000 ரூபா குறைந்தால் நான் நிரப்புவதில்லை. ஒரு கிழமை பொறுத்துவிட்டு, தட்டு காலியாகக்கூடிய ஒன்றிரண்டு சாமானை மட்டும் ஹட்டனில் மொத்தக் கடையில் எடுப்பேன். விலை கொஞ்சம் கூட, ஆனால் 20,000 ரூபா தேவையில்லாச் சாமானை அடுக்குவதைவிட அது மலிவு. இந்த 14 நாள் இடைவெளியை நாம் ஏற்கெனவே 18க்குள் சேர்த்திருப்பதால், ஒரு கிழமை பொறுத்தால் பெரும்பாலும் ஒன்றும் காலியாகாது.

6. பெட்டி பொருந்தாத சாமானைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

நாள் எண் காலாவதியைத் தாண்டுகிற சாமானுக்கு எந்த ஷீட்டும் உதவாது. அது ஓடர் கணக்குப் பிரச்சினையே இல்லை, வாங்கும் இடம் பிழை.

அந்தக் குழந்தை பிஸ்கட்டை இப்போது ஹட்டனில் மொத்தக் கடையில் 12 பக்கற்றாக எடுக்கிறேன். ஒன்று 190 ரூபா, சப்ளையரைவிட 10 ரூபா கூட. 12 பக்கற் நாலு கிழமைக்குப் போதும், கூடுதல் செலவு 120 ரூபா. எப்படியும் வங்கிக்குப் போகும் நாளில் எடுப்பதால் பஸ் காசு தனியாக இல்லை. முன்பு போன 2,760 ரூபாவோடு வைத்துப் பாருங்கள்.

பக்கத்துக் கடைக்காரரோடு பெட்டியைப் பங்கு போடவும் முடியும். பொகவந்தலாவ பாதையில் ஒரு அண்ணன் கடை இருக்கிறது, அவரும் நானும் பற்பசையில் அப்படிச் செய்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் சப்ளையர் பழுதானதைத் திரும்ப எடுப்பார். ஆகவே பில்லின் போட்டோ இருவரிடமும் இருக்க வேண்டும், பாதிப் பணம் சாமான் கை மாறும் அன்றே தீர வேண்டும். செக் உங்கள் பெயரில், பணம் மற்றவரிடம் என்று ஒரு மாதம் இழுத்தால் அந்த உறவு கெட்டுவிடும்.

7. லொறி வந்து நிற்கும்போது

மழையில் லொறி நிற்கும், டிரைவர் அவசரப்படுத்துவார், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். அப்படியிருந்தாலும் ஓடர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பில்லின் ஒவ்வொரு வரியையும் பாருங்கள். நான் டின் மீனுக்கு 24 என்று எழுதியிருந்தேன், ஒரு பெட்டியைத்தான் சொன்னேன். பில்லில் 24 பெட்டி வந்தது. கையெழுத்துப் போடுமுன் கண்ணில் பட்டதால் திருப்பி அனுப்ப முடிந்தது. அதிலிருந்து ஓடரில் எண்ணை மட்டும் எழுதுவதில்லை, "1 பெட்டி (24)" என்று இரண்டையும் எழுதுகிறேன்.

பெட்டிகளைப் பிரிக்காமலே வெளியில் அடித்திருக்கும் காலாவதித் திகதியைப் பாருங்கள். உங்கள் நாள் கணக்குக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெட்டியை லொறியிலேயே விட்டுவிட்டு, பில்லில் வெட்டி, டிரைவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். இறக்கிவிட்டால் அப்புறம் போனில் பேசி ஆகாது.

செக் எழுதும்போது திகதியைப் பில் திகதியிலிருந்து எண்ணாமல் சாமான் இறங்கிய நாளிலிருந்து எண்ணக் கேளுங்கள். பில் வெள்ளிக்கிழமை அடிக்கிறார்கள், சாமான் செவ்வாய்க்கிழமை வருகிறது, அந்த நாலு நாளில் நான் 16 டின் விற்றுவிடுவேன். என் சப்ளையர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று செக் ஒழுங்காகப் போன பிறகு ஒத்துக்கொண்டார். முடிந்தால் செக் திகதி 10இலிருந்து 17க்குள் விழும்படி கேட்டு வாங்குங்கள், அந்த ஒரு கிழமையில்தான் கல்லாவில் காசு இருக்கும்.